சமமான இருப்புநிலைக் குறிப்பு காட்டாத பிழை
கூட்டாளி சேர்ப்புக் கணக்கில் எந்தத் தொகைக்கு எந்த விகிதம்?

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்புக் கணக்கைச் செய்து முடிக்கும் மாணவர், இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் சமமானதும் பேனாவை மூடிவிடுவார். "டேலி ஆகிடுச்சு டீச்சர்" என்பதுதான் அவருடைய சான்று. ஆனால் கூட்டாளி சேர்ப்பில் மாணவர் அதிகம் செய்யும் பிழையை இந்தச் சான்று காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு தொகையைத் தவறான விகிதத்தில் பிரித்தாலும் பிரிக்கப்பட்ட மொத்தம் மாறாது. எனவே முதல் கணக்குகளின் கூடுதல் மாறாது. இருப்புநிலைக் குறிப்பும் சமமாகவே நிற்கும். ஒரு கூட்டாளியின் பணம் மற்றொருவரின் கணக்கில் போய் அமர்ந்திருப்பது மட்டும் வெளியே தெரியாது.

இந்தப் பாடத்தில் மூன்று விகிதங்கள் வருகின்றன: பழைய இலாபப் பகிர்வு விகிதம், புதிய இலாபப் பகிர்வு விகிதம், தியாக விகிதம். எதற்கு எது என்பதை மாணவர் மனப்பாடமாக வைத்திருப்பார். தேர்வு நெருக்கத்தில் அது மாறிப்போகும். காரணம் தெரிந்தால் மாறாது. அந்தக் காரணத்தையும், விடை சரிதானா என்று மாணவரே பார்த்துக்கொள்ள உதவும் ஒரு சோதனையையும் ஒரே கணக்கின் வழியாக இங்கே காண்போம்.

சேர்ப்பு நாள் என்னும் கோடு

கரும்பலகையில் ஒரு நெடுங்கோடு வரைந்து பாடத்தைத் தொடங்கலாம். அந்தக் கோடுதான் புதிய கூட்டாளி சேரும் நாள். கோட்டுக்கு இடப்பக்கம் நடந்தவை அனைத்தும் பழைய கூட்டாளிகளுடையவை. வலப்பக்கம் நடக்கப்போகிறவை அனைவருக்கும் உரியவை.

இந்தக் கோட்டுக்குச் சட்டத்திலும் ஓர் இணை உண்டு. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இருக்கும் கூட்டாளிகள் அனைவரும் இசையாமல் புதியவர் ஒருவரைச் சேர்க்க முடியாது. மற்றொன்று, அவ்வாறு சேர்ந்தவர், தாம் கூட்டாளி ஆவதற்கு முன் நிறுவனம் செய்த செயல்களுக்குச் சேர்ந்த காரணத்தாலேயே பொறுப்பாளி ஆவதில்லை. சட்டம் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறது. கணக்கேடு அதே நியாயத்தை ஆதாயத்துக்கும் சேர்த்துப் பின்பற்றுகிறது. பழைய சுமை புதியவரைச் சேராது என்றால், பழைய ஆதாயமும் அவரைச் சேரக்கூடாது அல்லவா?

பழைய விகிதம் என்ன என்பதிலேயே சிலர் தடுமாறுவர். வினாவில் விகிதம் தரப்படாதபோது முதல் தொகைகளைப் பார்த்து அவற்றின் விகிதத்தை எடுத்துக்கொள்வர். கூட்டாளிகளுக்கிடையே உடன்பாடு இல்லையெனில் இலாபமும் நட்டமும் சமமாகவே பகிரப்படும் என்கிறது சட்டத்தின் 13ஆம் பிரிவு. யார் எவ்வளவு முதல் போட்டார் என்பதற்கும் இலாபப் பங்குக்கும் தானாக வரும் தொடர்பு எதுவும் இல்லை. இதற்காகவே கீழே உள்ள மாதிரிக் கணக்கில் முதல்களின் விகிதமும் இலாப விகிதமும் வேறு வேறாக வைக்கப்பட்டுள்ளன.

மாதிரிக் கணக்கு

அமுதா, இளங்கோ இருவரும் ஓர் அச்சகம் நடத்துகின்றனர். இலாபத்தை 3:2 என்ற விகிதத்தில் பகிர்கின்றனர். 31.3.2025 அன்று அவர்களின் இருப்புநிலைக் குறிப்பு வருமாறு:

| பொறுப்புகள் | ரூ. | சொத்துகள் | ரூ. |
|---|---|---|---|
| அமுதா முதல் | 2,60,000 | கட்டடம் | 2,50,000 |
| இளங்கோ முதல் | 2,40,000 | இயந்திரம் | 1,20,000 |
| பொதுக் காப்பு | 50,000 | சரக்கிருப்பு | 1,30,000 |
| கடனீந்தோர் | 90,000 | கடனாளிகள் | 80,000 |
| | | வங்கி ரொக்கம் | 60,000 |
| மொத்தம் | 6,40,000 | மொத்தம் | 6,40,000 |

1.4.2025 அன்று உமா கூட்டாளியாகச் சேர்கிறார். புதிய இலாபப் பகிர்வு விகிதம் 5:3:2. உமா முதலாக ரூ. 1,50,000 கொண்டுவருகிறார், நற்பெயரில் தம் பங்கையும் ரொக்கமாகக் கொண்டுவருகிறார். நிறுவனத்தின் நற்பெயர், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தைப்போல் இரண்டு மடங்கு. அந்த இலாபங்கள் ரூ. 1,20,000, ரூ. 1,50,000, ரூ. 1,80,000.

மறுமதிப்பீடு: கட்டடத்தின் மதிப்பு ரூ. 3,10,000. இயந்திரத்தின் மதிப்பை 10% குறைக்க வேண்டும். கடனாளிகள் மீது 5% ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்க வேண்டும். பதிவாகாத, கொடுபட வேண்டிய மின்கட்டணம் ரூ. 4,000.

முதலில் மூன்று விகிதங்கள்

எந்தப் பதிவையும் தொடங்கும் முன் மூன்று விகிதங்களையும் விடைத்தாளின் மேலேயே எழுதிவைக்கச் சொல்வது நல்லது. ஒப்பிடுவதற்கு வசதியாகப் பகுதி எண்ணைப் பத்தாக்கிக்கொள்வோம்.

| | அமுதா | இளங்கோ | உமா |
|---|---|---|---|
| பழைய பங்கு | 6/10 | 4/10 | – |
| புதிய பங்கு | 5/10 | 3/10 | 2/10 |
| தியாகம் | 1/10 | 1/10 | – |

தியாகம் என்பது பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்தால் கிடைப்பது. இதைப் பைசாக் கணக்கில் சொன்னால் வகுப்பில் உடனே பிடிபடும். நேற்று வரை ஒவ்வொரு ரூபாய் இலாபத்திலும் அமுதா 60 பைசா எடுத்தார்; இனி 50 பைசா. இளங்கோ 40 பைசா எடுத்தார். இனி 30 பைசா. இருவரும் தலைக்கு 10 பைசா விட்டுக்கொடுக்கின்றனர். உமாவுக்குக் கிடைக்கும் 20 பைசா இந்த இரண்டு பத்துப் பைசாக்கள்தாம். ஆகவே பழைய விகிதம் 3:2, புதிய விகிதம் 5:3:2, தியாக விகிதம் 1:1.

பொதுக் காப்பு: பழைய விகிதம்

பொதுக் காப்பு என்பது முந்தைய ஆண்டுகளில் ஈட்டி, பகிராமல் நிறுத்திவைத்த இலாபம். அது கோட்டுக்கு இடப்பக்கம் உள்ளது. ஈட்டிய காலத்தில் 3:2 விகிதத்தில்தான் உரிமை இருந்தது. எனவே 3:2 விகிதத்திலேயே முதல் கணக்குகளுக்குச் செல்ல வேண்டும்.

பொதுக் காப்பு க/கு ப 50,000
 அமுதா முதல் க/கு 30,000
 இளங்கோ முதல் க/கு 20,000

மறுமதிப்பீடு: பழைய விகிதம்

கட்டடத்தின் மதிப்பு 60,000 ரூபாய் உயர்ந்தது உமா வருவதற்கு முன். ஏட்டில் அதைப் பதியாமல் பழைய மதிப்பிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று மாணவர்களிடம் கேட்கலாம். அடுத்த ஆண்டு அந்தக் கட்டடம் 3,10,000 ரூபாய்க்கு விற்கப்பட்டால், 60,000 ரூபாய் இலாபம் 5:3:2 விகிதத்தில் பிரியும். தாம் இல்லாத காலத்தில் ஏறிய மதிப்பில் உமா 12,000 ரூபாய் பெற்றுவிடுவார். அதே போல் மின்கட்டண பாக்கியை இப்போது பதியாவிட்டால், தாம் வருவதற்கு முன் எரிந்த விளக்குக்கு உமாவும் பங்கு கொடுப்பார். இரண்டும் நியாயமல்ல. மறுமதிப்பீட்டுக் கணக்கு இருப்பது இதற்காகத்தான். அதன் இலாபமோ நட்டமோ பழைய கூட்டாளிகளுக்குப் பழைய விகிதத்தில் போகும் என்பதும் இதனால்தான்.

மறுமதிப்பீட்டுக் கணக்கின் வரவுப் பக்கம் கட்டடம் ரூ. 60,000. பற்றுப் பக்கம் இயந்திரம் ரூ. 12,000, ஐயக்கடன் ஒதுக்கு ரூ. 4,000, கொடுபட வேண்டிய மின்கட்டணம் ரூ. 4,000. மீதி ரூ. 40,000 மறுமதிப்பீட்டு இலாபம்.

மறுமதிப்பீட்டு க/கு ப 40,000
 அமுதா முதல் க/கு 24,000
 இளங்கோ முதல் க/கு 16,000

நற்பெயர்: தியாக விகிதம்

இதுவரை கண்டவை கோட்டுக்கு இடப்பக்கத்தைச் சேர்ந்தவை. நற்பெயர் அவற்றிலிருந்து வேறுபடுகிறது. அது கடந்த காலத்தில் உருவானது என்றாலும், அதன் மதிப்பு இனி வரப்போகும் இலாபத்தில் இருக்கிறது. உமா கொண்டுவரும் நற்பெயர்த் தொகை, அந்த வருங்கால இலாபத்தில் தமக்காகப் பங்கை விட்டுக்கொடுத்தவர்களுக்கு அவர் தரும் ஈடு. விட்டுக்கொடுத்தவருக்கு, விட்டுக்கொடுத்த அளவில் ஈடு. இதுதான் தியாக விகிதத்தின் காரணம்.

சராசரி இலாபம் ரூ. 1,50,000. நற்பெயர் ரூ. 3,00,000. இதில் உமாவின் பங்கு 2/10, அதாவது ரூ. 60,000. அமுதா விட்டுக்கொடுத்தது 1/10, எனவே ரூ. 30,000. இளங்கோவுக்கும் அவ்வாறே ரூ. 30,000. விகிதத்தை வைத்து 60,000 ரூபாயைப் பிரிப்பதைவிட, ஒவ்வொருவரின் தியாகப் பின்னத்தையும் மொத்த நற்பெயரோடு பெருக்கும் இந்த வழி பாதுகாப்பானது. பழைய கூட்டாளியின் பங்கு கூடும் வினாக்களிலும் இது தடுமாறாமல் விடை தரும். அப்படி ஒன்றைக் கட்டுரையின் இறுதியில் பார்ப்போம்.

வங்கி க/கு ப 2,10,000
 உமா முதல் க/கு 1,50,000
 நற்பெயர் க/கு 60,000

நற்பெயர் க/கு ப 60,000
 அமுதா முதல் க/கு 30,000
 இளங்கோ முதல் க/கு 30,000

இந்த இரண்டாம் பதிவோடு நற்பெயர்க் கணக்கு முடிந்துவிடுகிறது. 3,00,000 ரூபாய் ஏன் சொத்துப் பக்கத்தில் வரவில்லை என்று மாணவர் கேட்கக்கூடும். விலை கொடுத்து வாங்கிய நற்பெயரையே ஏட்டில் சொத்தாகக் காட்டலாம்; நிறுவனம் தானே வளர்த்த நற்பெயரைக் காட்டக்கூடாது என்பது கணக்கியல் தரநிலை 26.

முதல் கணக்குகளும் புதிய இருப்புநிலைக் குறிப்பும்

| | அமுதா | இளங்கோ | உமா |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 2,60,000 | 2,40,000 | – |
| பொதுக் காப்பு | 30,000 | 20,000 | – |
| மறுமதிப்பீட்டு இலாபம் | 24,000 | 16,000 | – |
| வங்கி | – | – | 1,50,000 |
| நற்பெயர் | 30,000 | 30,000 | – |
| இறுதி இருப்பு | 3,44,000 | 3,06,000 | 1,50,000 |

மூன்று முதல்களின் கூடுதல் ரூ. 8,00,000. இதனுடன் கடனீந்தோர் ரூ. 90,000, மின்கட்டண பாக்கி ரூ. 4,000 சேர, பொறுப்புப் பக்கம் ரூ. 8,94,000. சொத்துப் பக்கத்தில் கட்டடம் ரூ. 3,10,000, இயந்திரம் ரூ. 1,08,000, சரக்கிருப்பு ரூ. 1,30,000, ஒதுக்கு போகக் கடனாளிகள் ரூ. 76,000, வங்கி ரொக்கம் ரூ. 2,70,000. கூடுதல் அதே ரூ. 8,94,000.

சமமாகும் மூன்று தவறான விடைகள்

இப்போது மூன்று மாணவர்களின் விடைத்தாள்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் மாணவர் நற்பெயர்த் தொகை 60,000 ரூபாயைப் பழைய விகிதத்தில் 36,000, 24,000 எனப் பிரித்துவிட்டார். இரண்டாமவர் பொதுக் காப்பைப் புதிய விகிதத்தில் மூவருக்கும் 25,000, 15,000, 10,000 எனக் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் மறுமதிப்பீட்டு இலாபத்தைத் தியாக விகிதத்தில் ஆளுக்கு 20,000 எனப் போட்டுவிட்டார். மற்றப் படிகள் அனைத்தும் சரி.

| | அமுதா | இளங்கோ | உமா | கூடுதல் |
|---|---|---|---|---|
| சரியான விடை | 3,44,000 | 3,06,000 | 1,50,000 | 8,00,000 |
| முதல் மாணவர் | 3,50,000 | 3,00,000 | 1,50,000 | 8,00,000 |
| இரண்டாம் மாணவர் | 3,39,000 | 3,01,000 | 1,60,000 | 8,00,000 |
| மூன்றாம் மாணவர் | 3,40,000 | 3,10,000 | 1,50,000 | 8,00,000 |

நான்கு விடைகளிலும் இருப்புநிலைக் குறிப்பு 8,94,000 ரூபாயில் சமமாகிறது. இந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, எது சரி என்பதைக் கூடுதலை மட்டும் பார்த்துச் சொல்லுமாறு கேட்டால், 'டேலி' ஆவது போதாது என்பதை மாணவர் தாமே உணர்வர். அப்படியானால் வேறு எந்தச் சோதனை உதவும்?

கோட்டின் இரு பக்கமும் நின்று பார்க்கும் சோதனை

சோதனையின் அடிப்படை எளிது. ஒருவர் கூட்டாளியாகச் சேர்வதால் மட்டும் யாருடைய செல்வமும் கூடவோ குறையவோ கூடாது. வணிகம் இலாபம் ஈட்டினால் கூடலாம். சேர்ப்பு நாளில் கையெழுத்துப் போட்டதால் கூடக்கூடாது. எனவே உமா சேர்வதற்கு முந்தைய இரவில் ஒவ்வொருவருக்கும் நிறுவனத்தில் எவ்வளவு உரிமை இருந்தது, மறுநாள் காலையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டு ஒப்பிடலாம். கணக்கிடும் வழி இதுதான்: ஏட்டில் இல்லாத நற்பெயர் உட்பட அனைத்தும் உண்மை மதிப்புக்கே விற்றுப்போவதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தைய இரவு நிறுவனம் விற்கப்பட்டிருந்தால், நற்பெயர் 3,00,000 ரூபாய் பழைய விகிதத்தில் பிரிந்திருக்கும். அமுதாவுக்கு முதல் 2,60,000, காப்பில் 30,000, மறுமதிப்பீட்டில் 24,000, நற்பெயரில் 1,80,000. ஆக ரூ. 4,94,000. இளங்கோவுக்கு 2,40,000, 20,000, 16,000, 1,20,000. ஆக ரூ. 3,96,000. உமாவின் கையில் அப்போது இருந்தது, அவர் கொண்டுவரவிருந்த ரூ. 2,10,000.

மறுநாள் காலை விற்கப்பட்டால், நற்பெயர் புதிய விகிதத்தில் பிரியும். அமுதாவுக்கு இறுதி முதல் 3,44,000, நற்பெயரில் 1,50,000. ஆக ரூ. 4,94,000. இளங்கோவுக்கு 3,06,000, 90,000. ஆக ரூ. 3,96,000. உமாவுக்கு 1,50,000, 60,000. ஆக ரூ. 2,10,000. மூவரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றனர். கணக்கு சரி.

தவறான விடைகளை இதே சோதனைக்கு உட்படுத்துவோம். முதல் மாணவரின் விடையில் அமுதாவுக்கு 5,00,000 வருகிறது; இளங்கோவுக்கு 3,90,000. விட்டுக்கொடுத்ததில் இருவரும் சமம் என்றாலும் இளங்கோவின் 6,000 ரூபாய் அமுதாவிடம் போய்விட்டது. இரண்டாம் மாணவரின் விடையில் அமுதாவுக்கும் இளங்கோவுக்கும் தலைக்கு 5,000 குறைகிறது. உமா 10,000 கூடுதலாகப் பெறுகிறார். மூன்றாம் மாணவரின் விடையில் அமுதாவின் 4,000 ரூபாய் இளங்கோவுக்குப் போயிருக்கிறது.

பிழை இருப்பதை மட்டுமல்ல, அது எங்கே இருக்கிறது என்பதையும் இந்த வேறுபாடு சொல்லிவிடும். உமாவின் தொகை மாறியிருந்தால், பழைய கூட்டாளிகளுக்கே உரிய ஏதோ ஒன்று புதிய விகிதத்தில் பிரிந்துவிட்டது என்று பொருள். உமாவின் பங்கு ஐந்தில் ஒன்று. எனவே கூடுதலான 10,000 ரூபாயை ஐந்தால் பெருக்கினால் 50,000. அது பொதுக் காப்பு. உமாவின் தொகை சரியாக இருந்து, மற்ற இருவரின் தொகைகள் மட்டும் ஒன்று கூடி மற்றொன்று அதே அளவு குறைந்திருந்தால், பழைய விகிதமும் தியாக விகிதமும் இடம் மாறியிருக்கின்றன. அமுதாவின் பழைய விகிதப் பங்கு 6/10. தியாக விகிதப் பங்கு 5/10. வேறுபாடு பத்தில் ஒன்று. எனவே 6,000 ரூபாயைப் பத்தால் பெருக்கினால் 60,000, அது நற்பெயர். 4,000 ரூபாயைப் பெருக்கினால் 40,000, அது மறுமதிப்பீட்டு இலாபம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அது விகிதப் பிழையை மட்டுமே காட்டும். நற்பெயரை 3,00,000 என்பதற்குப் பதில் 3,50,000 என்று கணக்கிட்டு, அதே தொகையைச் சோதனையிலும் பயன்படுத்தினால் விடை பொருந்திவிடும். இயந்திரத்தின் தேய்மானத்தைத் தவறுதலாக ஏற்றமாக எழுதி, அதே மறுமதிப்பீட்டு இலாபத்தைச் சோதனைக்கும் எடுத்தாலும் அப்படியே. ஆகவே முந்தைய இரவின் உரிமையைக் கணக்கிடும்போது, விடைத்தாளில் உள்ள எண்களை எடுக்காமல் வினாவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

பிழையை மறைக்கும் வினாக்கள்

சில பயிற்சி வினாக்களில் புதியவரின் பங்கு மட்டும் தரப்பட்டிருக்கும். மேற்கண்ட நிறுவனத்திலேயே 'உமாவுக்கு 1/5 பங்கு' என்று மட்டும் சொல்லியிருந்தால், மீதி 4/5 பங்கை மற்ற இருவரும் 3:2 விகிதத்திலேயே பகிர்வதாகக் கொள்வோம். புதிய பங்குகள் 12/25, 8/25, 5/25 ஆகும். அமுதாவின் தியாகம் 15/25இலிருந்து 12/25 போக 3/25. இளங்கோவின் தியாகம் 10/25இலிருந்து 8/25 போக 2/25. தியாக விகிதம் 3:2. அது பழைய விகிதமேதான்.

இத்தகைய வினாவில் நற்பெயரைப் பழைய விகிதத்தில் பிரித்த மாணவருக்கும் சரியான விடையே கிடைக்கும். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். அவருடைய தவறான புரிதல் அடுத்த வினா வரை மறைந்தே இருக்கும். ஆகவே அலகுத் தேர்வில் ஒரு வினாவையாவது மூன்று விகிதங்களும் வேறுபடும்படி அமைப்பது தேவை. 3:2 என்ற பழைய விகிதத்தோடு 5:3:2 என்ற புதிய விகிதத்தைக் கொடுத்தாலே அது அமைந்துவிடுகிறது. முதல் தொகைகளும் இலாப விகிதத்தில் இல்லாதவாறு பார்த்துக்கொண்டால் நான்காவது குழப்பமும் வெளிப்படும்.

நற்பெயரை ரொக்கமாகக் கொண்டுவராதபோது

உமா தம் முதல் 1,50,000 ரூபாயை மட்டும் கொண்டுவந்து, நற்பெயர்ப் பங்கைக் கொண்டுவரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஈடு தர வேண்டிய கடமை அதனால் மறைந்துவிடாது. அவருடைய முதல் கணக்கிலிருந்தே அது எடுக்கப்படும்.

உமா முதல் க/கு ப 60,000
 அமுதா முதல் க/கு 30,000
 இளங்கோ முதல் க/கு 30,000

உமாவின் முதல் ரூ. 90,000 ஆகக் குறைகிறது. வங்கி ரொக்கமும் 60,000 ரூபாய் குறைந்து நிற்கும். பழைய கூட்டாளிகள் இருவரின் இறுதி முதல்களும் மாறுவதில்லை. சோதித்துப் பார்த்தால் உமாவுக்கு முதல் 90,000, நற்பெயரில் 60,000, ஆக 1,50,000. அவர் கொண்டுவந்தது அதுவே. 'கொண்டுவரவில்லை' என்ற சொல்லைக் கண்டதும் நற்பெயர்ப் பதிவையே விட்டுவிடும் மாணவருக்கு இந்தச் சோதனையைச் செய்துகாட்டலாம். பதிவை விட்டால் உமாவின் உரிமை 2,10,000 ஆகிவிடும். 1,50,000 ரூபாய் கொண்டுவந்தவர் ஒரே இரவில் 60,000 ரூபாய் பெற்றிருப்பார்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி

மேற்கண்ட கணக்கில் புதிய விகிதத்தை மட்டும் 3:5:2 என மாற்றி, மற்ற விவரங்களை அப்படியே வைத்து மாணவர்களைச் செய்யச் சொல்லலாம். உமா நற்பெயர்ப் பங்கை ரொக்கமாகவே கொண்டுவருகிறார்.

இங்கே அமுதாவின் பங்கு 6/10இலிருந்து 3/10 ஆகக் குறைகிறது. அவருடைய தியாகம் 3/10. இளங்கோவின் பங்கோ 4/10இலிருந்து 5/10 ஆகக் கூடுகிறது. பழைய கூட்டாளியாக இருந்தும் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1/10 ஆதாயம் பெறுகிறார். எனவே புதியவரைப்போல் அவரும் அமுதாவுக்கு ஈடு தர வேண்டும். உமா கொண்டுவந்த 60,000 ரூபாயோடு இளங்கோவின் முதல் கணக்கிலிருந்து 30,000 ரூபாய் சேர்ந்து, 90,000 ரூபாய் அமுதாவுக்குச் செல்கிறது.

நற்பெயர் க/கு ப 60,000
இளங்கோ முதல் க/கு ப 30,000
 அமுதா முதல் க/கு 90,000

காப்பும் மறுமதிப்பீட்டு இலாபமும் கோட்டுக்கு இடப்பக்கம் உள்ளவை. புதிய விகிதம் மாறினாலும் அவற்றின் பங்கீடு மாறாது. இறுதி முதல்கள் அமுதாவுக்கு ரூ. 4,04,000, இளங்கோவுக்கு ரூ. 2,46,000, உமாவுக்கு ரூ. 1,50,000. கூடுதல் முன்போலவே ரூ. 8,00,000. மறுநாள் காலைச் சோதனையில் அமுதாவுக்கு 4,04,000உம் 90,000உம் சேர்ந்து 4,94,000, இளங்கோவுக்கு 2,46,000உம் 1,50,000உம் சேர்ந்து 3,96,000, உமாவுக்கு 2,10,000. முதல் கணக்கில் கண்ட அதே மூன்று தொகைகள்தாம் இங்கும் வருகின்றன. புதிய விகிதம் எதுவாக இருந்தாலும் இந்த மூன்றும் மாறாமல் வருவதை மாணவர்கள் 4:4:2 என்ற விகிதத்திலும் செய்து பார்க்கலாம். அங்கே இளங்கோவின் தியாகம் சுழி. 60,000 ரூபாய் முழுவதும் அமுதாவுக்கே.